மடியில இருக்கிற குழந்தை யாரு?

போன வாரம் குமாரபாளையத்திலிருந்து ஒரு நேயர் ஒரு குடும்பப் படத்தை எடுத்துட்டு வந்தாங்க. அம்மாயி நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க, பக்கத்துல மாமா சின்னப் பையனா நிக்கிறார், மடியில ரெண்டு வயசுப் பொண்ணு. அது 1952-ல பொறந்த தன்னோட அம்மாவா, இல்ல அதுக்கு முன்னாடியே பொறந்து மூணு வயசுல தவறிப்போன பெரியம்மாவா? பெரியம்மாவோட படம் வேற ஒண்ணும் வீட்டுல கிடையாது.

நான் முதல்ல படத்தைத் திருப்பித்தான் பார்த்தேன். பின்னாடி ஸ்டுடியோ முத்திரை: பவானி, பெரியார் மாவட்டம். ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் எடுத்திருக்காங்க. ஆனா பெரியார் மாவட்டம் கோயம்புத்தூரிலிருந்து பிரிஞ்சதே 1979-லதான். தாளும் வழவழன்னு, பிளாஸ்டிக் பூசினது. ஸ்டுடியோக்காரங்க ஆர்.சி. பேப்பர்னு சொல்வாங்க, அது 1970-களுக்கு அப்புறம்தான் பரவலாச்சு. 1940-கள்ல போட்ட பிரிண்டுன்னா வெறும் கெட்டித் தாளா இருக்கும்; கறுப்பான இடங்கள்ல, முக்கியமா ஓரத்துல, வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும்.

அப்போ படம் 1980-ஆ? இல்லைங்க. படத்துக்குள்ள ஒரு மடிப்புக் கோடு தெரியுது, ஆனா விரலால தடவினா தாள்ல மடிப்பே இல்ல. முகங்களும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருக்கு. பழைய படத்தை மறுபடி படம் பிடிச்சுப் போட்ட நகல் இது. நிறையப் பேர் ஏமாறுறது இங்கதான்: தாளோட வயசு வேற, காட்சியோட வயசு வேற.

சரி, காட்சிக்கு வருவோம். அம்மாயி போட்டிருக்கறது பஃப் கை ரவிக்கை. நம்ம பக்கம் 1940-கள்ல இளம் பெண்கள்கிட்ட அது பரவலா இருந்தது, 1950-களின் தொடக்கத்துலயும் போட்டாங்க. 1980-கள்ல திரும்பவும் வந்தது, ஆனா அப்போ அம்மாயிக்கு அறுபது வயசு. பின்னாடி நிக்கிற பெரியவரோட குடுமியை நான் கணக்குல எடுக்கல. வயசானவங்க தலைமுடியையும் துணியையும் லேசுல மாத்த மாட்டாங்க. காலத்தைக் காட்டுறது சின்னவங்க உடுப்புதான். மாமா கையில இருக்கிற கடிகாரமும் ஸ்டுடியோவோடதா இருக்கலாம்.

ஆக, துணி 1940-களின் நடுவிலிருந்து 1950-களின் தொடக்கம் வரைன்னு சொல்லுது. ரெண்டு குழந்தைல எது? அதை அது சொல்லாது.

அப்புறம்தான் மாமாவைப் பார்த்தேன். அவர் பொறந்தது 1940. பள்ளிச் சான்றிதழ் இருக்கு. (அந்தக் காலத்துச் சான்றிதழ்ல ஒண்ணு ரெண்டு வருஷம் கூடக் குறைய இருக்கும், பரவாயில்ல.) நாற்காலில உட்கார்ந்திருக்கிற அம்மாயியோட கண் மட்டத்தை அவர் தலை எட்டல. ஆறேழு வயசுப் பையன் உயரம் அது. மடியில இருக்கறது நேயரோட அம்மான்னா வருஷம் 1954, மாமாவுக்குப் பதினாலு. அந்த வயசுல உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல நிப்பாங்க.

படம் 1946 – 47. பெரியம்மாதான். நான் சொன்னதும் அந்த அம்மா படத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டு, “பேரு பின்னாடி எழுதலாமுங்களா?”ன்னு கேட்டாங்க. எழுதுங்க, ஆனா பேனா வேண்டாம், ஆர்.சி. தாள்ல மை அப்பிக்கும். படத்தை ஒரு கவர்ல போட்டு, கவர் மேல எழுதுங்கன்னு சொன்னேன்.