கண் விழித்துவிட்டார், ஆனாலும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?

(சமூக மன்றத்தில் மூத்தோருக்காக மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)

வலிக்கு மார்ஃபின் சாப்பிடுபவர் சில வீடுகளில் இருக்கலாம். தூக்க மாத்திரை சாப்பிடுபவர் பல வீடுகளில் இருக்கலாம். இந்த மருந்துகள் உடலில் மிகுந்துபோனால் மருத்துவமனையில் ஒரு மாற்று மருந்து தருவார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் எடுக்கும் 74 வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு மாத்திரையின் வேலை 12 மணி நேரம். அவருக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. சாப்பாடும் தண்ணீரும் சரியாக இல்லை, சிறுநீரும் குறைந்துவிட்டது. கல்லீரல் மார்ஃபினை மாற்றி அனுப்பும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு மார்ஃபினைப் போலவே வீரியம் உண்டு. சிறுநீரகம் சுணங்கியதால் அது உடலிலேயே சேர்ந்துவிட்டது.

இரவு 8 மணிக்கு வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டார். 11 மணிக்கு வினோதமான குறட்டை. மனைவி உலுக்கியும் எழவில்லை. மூச்சை எண்ணிப் பார்த்தார்: நிமிடத்துக்கு ஆறுதான். சாதாரணமாக 12க்குக் குறையக்கூடாது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது. உடனே 995ஐ அழைத்தார்.

அவசரப் பிரிவில் நலோக்சோன் என்ற மருந்தை நரம்பில் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். ஒரே தடவையில் நிறையக் கொடுத்தால் மூச்சோடு சேர்ந்து அடங்கியிருந்த வலியும் திரும்பி வந்து அவரைத் துடிக்கவைக்கும். மொத்தம் 0.3 மில்லிகிராம் போனதும் கண் திறந்தார், பேசினார். மனைவி கேட்டார்: “எழுந்துட்டாரே டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?”

டாக்டர் கூடாது என்றார். ஏன் என்பதை ஒரு பேருந்தை வைத்துச் சொல்கிறேன். மூளையில் மூச்சை நடத்தும் இடத்தில் சில இருக்கைகள் இருக்கின்றன. மார்ஃபின் அவற்றில் உட்கார்ந்தால் மூச்சு மந்தமாகும். நலோக்சோன் மார்ஃபினை அழிப்பதில்லை, உடலைவிட்டு வெளியேற்றுவதும் இல்லை. போட்டி போட்டு அதே இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்காரும். அவ்வளவுதான். எழுப்பப்பட்ட மார்ஃபின் அதே பேருந்தில் நின்றுகொண்டே வருகிறது.

நலோக்சோன் சீக்கிரம் இறங்கிவிடும் பயணி. நரம்பில் ஏற்றினால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். மார்ஃபினோ மாத்திரையிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. இருக்கை காலியானதும் அது மறுபடி உட்காருகிறது. நம் பெரியவரும் சரியாக ஒரு மணி நேரத்தில் மீண்டும் கண் அயர்ந்தார், மூச்சு எட்டுக்கு இறங்கியது. ஆக்சிஜன் வைத்திருந்ததால் விரலில் மாட்டும் கருவி 98 என்றே காட்டியது. கருவியை மட்டும் நம்பியிருந்தால் தெரிந்திருக்காது. தாதி மூச்சை எண்ணியதால்தான் தெரிந்தது.

மறுபடி சிறிது ஊசி கொடுத்து எழுப்பிவிட்டு, சொட்டு மருந்தாக ஓடவிட்டார்கள். முதலில் எழுப்பிய அளவில் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கு மணி கொடுப்பது பழகிய கணக்கு. இவருக்கு மணிக்கு 0.2 மில்லிகிராம். மறுநாள் சொட்டை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் சில மணி நேரம் மூச்சு நன்றாக நின்றதைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் வகை என்றால் காவல் இன்னும் நீளும். ஒட்டியதை உரித்துவிட்டாலும் தோலுக்குள் தேங்கிய மருந்து வெகுநேரம் இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும்.

தூக்க மருந்துகளுக்கும் இதே கதைதான். அவற்றின் இருக்கைகள் வேறு, போட்டி மருந்தும் வேறு. அதன் பெயர் ஃப்ளூமசெனில். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது மிடசோலம் என்ற மயக்க ஊசி போடுவார்கள். மயக்கம் அதிகமானால் ஃப்ளூமசெனில் ஓரிரு நிமிடத்தில் தெளியவைக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் பிடி தளர்ந்துவிடலாம், வயதானவர் உடலில் மிடசோலம் அதைவிட நேரம் தங்கும். தெளிவாகப் பேசிய அம்மா கழிப்பறைக்கு நடக்கும்போது தள்ளாடி விழுவது இப்படித்தான். ஆகவே அதைப் போட்டிருந்தால் தாதி சொல்லும்வரை கட்டிலைவிட்டு இறங்காதீர்கள்.

இந்த மருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டயசெபம் போன்ற தூக்க மாத்திரையைப் பல காலம் தினமும் எடுத்தவருக்கு ஃப்ளூமசெனில் கொடுத்தால் வலிப்பு வரலாம். அந்த மாத்திரையை டாக்டரிடம் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள், அதிலும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததென்றால் சொல்லவே மாட்டார்கள். அவசரப் பிரிவுக்குப் போகும்போது மருந்துப் பையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் காவல் இருக்க வேண்டும் என்று டாக்டர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.