மாடு எந்த ஊர்க் கிணற்றில் விழுந்தது?

கதையைப் பேச்சுத் தமிழில் சொல்வதா, எழுத்துத் தமிழில் சொல்வதா என்பது இந்த வாசகர் வட்டத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தத்துவமாகப் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரு மாட்டைக் கிணற்றில் தள்ளிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

"கிணற்றில் மாடு விழுந்துவிட்டது." இது எழுத்துத் தமிழ். இந்த வரிக்கு ஊர் கிடையாது. யார் சொல்கிறார், ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. இதையே பேச்சில் சொல்லுங்கள் பார்ப்போம். மதுரைக்காரர் "விழுந்துருச்சு" என்பார். சென்னையில் "விழுந்துடுச்சு". திருநெல்வேலியில் "விழுந்துட்டு" என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர், விழுந்துவிட்டு அப்புறம் என்ன ஆச்சு என்று காத்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் "விழுந்திட்டுது". பேச்சுத் தமிழை எடுத்த நிமிஷமே ஓர் ஆளையும் ஊரையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். பொதுவான பேச்சுத் தமிழ் என்று சினிமாவும் தொலைக்காட்சியும் ஒன்றைப் பழக்கியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் அதுவும் ஓர் ஆளின் குரல்தான்; கரிசல்காட்டுக் கிழவி அந்தக் குரலில் பேசினால் ஒட்டாது.

ஆகவே பேச்சா எழுத்தா என்று யோசிக்கும் முன், கதையைச் சொல்வது யார் என்று கேட்க வேண்டும். கி. ராஜநாராயணன் தம் கதைகளில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் ஒருவராகவே வருகிறார். சொல்கிறவருக்கு ஊர் இருக்கிறது, அதனால் கதை நடையிலும் கரிசல் வாடை வீசலாம். 1982இல் வெளிவந்த பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கரிசல்தான். ஆனால் ஆட்கள் வாய் திறக்கும்போது பேச்சு மொழி. கதையை நடத்திச் செல்லும் குரல் எளிய எழுத்து மொழி. அந்தக் குரலுக்கு உடம்பு கிடையாது, அதனால் வட்டாரமும் தேவைப்படவில்லை.

எழுதத் தொடங்குபவர்கள் இடறுவது வேறு இடத்தில். "கெணத்தில் மாடு விழுந்துவிட்டது" என்று எழுதுவார்கள். "கெணத்து" வரை பேச்சு, "இல்" வந்ததும் எழுத்து, கடைசியில் "விட்டது". ஒரே வரிக்குள் ஆள் மாறியாயிற்று. கண்ணுக்கு இது தெரியாது. வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்கும். "கெணத்துல" என்றால் "விழுந்துருச்சு" வரை போக வேண்டும். துணிவில்லையா, "கிணற்றில்" என்றே எழுதிவிடுங்கள்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எழுத்துக்கூட்டலை மாற்றினால்தான் பேச்சு நடை என்று பலர் நம்புகிறார்கள். "ஊரார் கயிறு கொண்டு அதனை மீட்டனர்." இது செய்தித்தாள். "கயிறு போட்டு இழுத்தார்கள், மாட்டை." இதில் எழுத்துப் பிழை என்று ஒரு சொல்லும் இல்லை, ஆனால் பேசுகிற ஆள் உள்ளே இருக்கிறார். "மீட்டனர்" போய் "இழுத்தார்கள்" வந்தது. மாடு வரியின் கடைசிக்குப் போனது. அவ்வளவுதான். பல மாவட்டத்தார் படிக்கும் பத்திரிகைக் கதைக்கு நான் இந்த வழியைத்தான் எடுப்பேன். கண்ணால் படிப்பவருக்குப் பழகிய சொல்லுருவம் வேண்டும். "கயத்தப் போட்டு" என்று பக்கம் பக்கமாக வந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். காதால் கேட்பவருக்கு அந்தச் சிரமமே இல்லை. அதனால் ஒலிப்புத்தகத்திலும் வானொலி நாடகத்திலும் முழுப் பேச்சு நடை தாராளமாகச் செல்லும்.

மருந்து அளவு, பத்திரம், நீதிமன்றச் செய்தி இவற்றுக்கு ஊரில்லாத தமிழே நல்லது. அங்கே சொல்கிற ஆள் முன்னால் வந்து நின்றால் இடைஞ்சல். ஆனால் உப்புக்கரைசல் பொட்டலத்தின் மருந்து அளவையே கிராமத்துத் தாயிடம் நேரில் சொல்லும் செவிலியர் "கரைக்கவும்" என்றால் எடுபடுமா? "பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணில கொட்டிக் கலக்கிருங்கம்மா" என்றுதான் சொல்வார். ஒன்று பொட்டலத்தின் மேல் இருக்கும் தமிழ், மற்றது வாசலில் நிற்கும் தமிழ்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். "அவர் நேற்று வந்தவர்" என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் அது முடிந்த வாக்கியம். நேற்று வந்தார் என்று பொருள். நம் பக்கத்து வாசகர், வந்தவர் என்ன செய்தார் என்று அடுத்த வரியைத் தேடுவார். ஈழத்துக் கதைகளில் இதைப் பிழையென்று திருத்தும் பதிப்பாசிரியர், ஒரு பேச்சு மரபையே அடித்துவிடுகிறார்.

எனக்கும் அடி விழுந்திருக்கிறது. கொங்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயா சோற்றுக்கு வெஞ்சனம் வைத்தாள் என்றேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். "ஏனுங்க, வெஞ்சனம்னா என்னங்க?" தொட்டுக்கொள்ளும் கறி என்றேன். "அப்ப அதையே சொல்லலாமுங்களே?" என்றாள். கதையை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டேன். மணி அடிக்கும்வரை ஆயா சோற்றோடு காத்திருந்தாள்.