படமாக அனுப்பாதீர்கள், பைலாக அனுப்புங்கள்

(தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிப்புக்கும் வேலைக்கும் வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அரியாலையில் நடந்த சந்திப்பில் பேசியது)



தோட்டத்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் அம்மா அதைப் போனில் உங்களுக்கு அனுப்புகிறார். “வாசிச்சு சொல்லு சாமி” என்கிறார். நீங்கள் இங்கே அரியாலையில் இருந்து வாசித்துச் சொல்கிறீர்கள். தேவைப்பட்டால் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்டும் எடுக்கிறீர்கள். அதனால்தான் இந்த விஷயத்தை உங்களிடம் பேச வந்திருக்கிறோம்.

2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 30ஆம் திகதி தோட்டச் சம்பளம் பற்றி வர்த்தமானி வந்தது. அடிப்படை 1,350 ரூபா, விசேட கொடுப்பனவு 350 ரூபா, சேர்த்து 1,700 ரூபா. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. பிறகு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. இரண்டிலும் 1,350 என்ற எண் இருக்கிறது. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது இரண்டு வர்த்தமானிகளும் அல்ல. யாரோ போன் திரையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள்தான். எது ஏப்ரல், எது செப்டெம்பர் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. திகதி இருந்த மேல் பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

எங்கள் தோட்டத்துக் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் சம்பளக் குறைவு பற்றிப் பேச அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு காரியாலயத்துக்குப் போனார். “இது எந்த வர்த்தமானி, நம்பர் எங்கே?” என்று கேட்டார்கள். 3 எது, 8 எது என்றே தெரியவில்லை. அவர் திரும்பி வந்தார். ஒருநாள் பேரும் போனது, பஸ் காசும் போனது. அவருக்கு அந்தப் படத்தை அனுப்பியது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். அதனால் இதை முதலில் நாங்களே கற்றுக்கொண்டோம்.

பைலுக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்? கணினியில் அடித்துச் செய்த பிடிஎப் பைலில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாக நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவுடன் அது வெறும் புள்ளிகளாக மாறிவிடும். நம்மில் பலருடைய போன் திரையின் அகலம் 1080 புள்ளிகள். விலை குறைந்த போனில் 720. ஏ4 தாளின் அகலம் எட்டேகால் அங்குலம். முழுப் பக்கத்தையும் அந்தத் திரையில் அடக்கிப் படம் எடுத்தால் ஓர் அங்குலத்துக்கு 130 புள்ளிகள் வரும், சின்னப் போனில் 90கூட வராது. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும். அதற்குமேல், Gallery வழியாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் இன்னும் சுருக்கும். அதை வாங்கியவர் திரும்பவும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மறுபடியும் தேயும். மூன்று கை மாறுவதற்குள் 1,350 என்பது 1,850 போல ஆகிவிடும்.

அப்படியென்றால் எப்படி அனுப்புவது? வர்த்தமானியை documents.gov.lk என்ற அரசாங்கத் தளத்தில் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மொழியிலும் இருக்கும். அதிவிசேட வர்த்தமானியின் தமிழ்ப் பைல் பெயர் _T.pdf என்று முடியும். திரையில் தெரிகிறதே என்று படம் எடுக்காதீர்கள். முதலில் டவுன்லோட் செய்யுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் அம்மாவின் பெயரைத் திறந்து, கிளிப் போன்ற அடையாளத்தை அழுத்துங்கள். ஐபோனில் அது கூட்டல் அடையாளம். அதில் Gallery என்பதைத் தொடாமல் Document என்பதைத் தொட்டு, அந்தப் பைலைத் தெரிவு செய்து அனுப்புங்கள். அந்த வழியில் போனால் வாட்ஸ்அப் பைலைச் சுருக்காது. இங்கே இருக்கும் பைல் எதுவோ, அதுவே அங்கேயும் போய்ச் சேரும்.

சரியாகப் போனதா என்று பார்ப்பது சுலபம். பிடிஎப் ஆகப் போயிருந்தால் பைலின் பெயர், எத்தனை பக்கம், எவ்வளவு அளவு, PDF என்ற சொல் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே தெரியும். பெயர் இல்லாமல் வெறும் பக்கம் மட்டும் தெரிந்தால் அது படம். அதை அழித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். பைலுக்குக் கீழே ஒரு வரியும் எழுதுங்கள்: “செப்டெம்பர் 2024 சம்பள வர்த்தமானி, எல்லாப் பக்கமும் இருக்கு” என்று. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அந்தப் பெட்டியையே அழுத்திப் பிடித்து Forward செய்யுங்கள். திறந்து படம் எடுக்க வேண்டாம். எத்தனை பேருக்கு Forward செய்தாலும் பைல் தேயாது.

இன்னொன்று. பிடிஎப்பில் இருந்து வரிகளை மட்டும் கொப்பி செய்து அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தமிழில் இது ஆபத்து. பல பைல்கள் பழைய எழுத்துருவில் அடித்தவை. பார்க்கத் தமிழாக இருக்கும், கொப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். உங்கள் போன் பழுது இல்லை, பைலும் பழுது இல்லை. பைலையே அனுப்புங்கள், அவ்வளவுதான்.

தோட்டக் காரியாலயம் தரும் கடிதம், சம்பளச் சீட்டு போன்றவை தாளாகத்தான் வரும். அவற்றுக்குப் பைல் இல்லை, நாம்தான் செய்ய வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள்: லயத்து வாசலில் வெளிச்சத்தில் தாளைத் தட்டையாக வைக்கட்டும், தன் நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய எடுக்கட்டும். அன்ட்ரொயிட் போனில் Google Drive இருந்தால் அதில் Scan என்று ஒன்று உண்டு. அதில் பக்கம் பக்கமாக எடுத்தால் எல்லாம் வரிசையாக ஒரே பிடிஎப் ஆகிவிடும். அது முடியாவிட்டால் சாதாரணமாகப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையே Document வழியாக அனுப்பலாம். அப்படி அனுப்பினால் சுருங்காது. போட்டோ ஒன்று மூன்று நான்கு எம்பி இருக்கும், டேட்டா கொஞ்சம் கூடப் போகும். அடித்த பிடிஎப் கடிதமோ அதைவிட மிகச் சிறியது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். தாளை ஸ்கேன் செய்த பிடிஎப்புக்குள்ளும் இருப்பது படம்தான். எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சொல் நிறம் மாறித் தெரிவாகாவிட்டால் அது பெரும்பாலும் படம். எடுக்கும்போது மங்கியது பிறகு எந்த வழியில் அனுப்பினாலும் தெளியாது. அதனால் அனுப்புமுன் பெரிதாக்கி, எண்களை வாசித்துப் பார்க்கட்டும். அடையாள அட்டை நம்பர், இபிஎப் நம்பர் உள்ள தாளைக் குரூப்பில் போட வேண்டாம், உரியவருக்கு மட்டும் அனுப்பட்டும்.

அந்த அக்காவுக்கு வர்த்தமானியை மறுபடி டவுன்லோட் செய்து பைலாக அனுப்பினோம். அவருடைய மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மேலே நம்பரும் திகதியும், கீழே 1,350உம் தெளிவாக இருந்தன. அடுத்த முறை அவர் போனபோது எந்த வர்த்தமானி என்று யாரும் கேட்கவில்லை. பேச்சு நேரே சம்பளக் குறைவில் தொடங்கியது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. முடிவு வரும்போது அதையும் உங்கள் எல்லோருக்கும் பைலாகவே அனுப்புவோம்.