வாடகைப் படிவத்தில் சாதிக்கு என்ன வேலை?



சென்னையில் டூ-லெட் பலகையைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர்களுக்கு, வீட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு படிவம் வாட்ஸ்அப்பில் வந்து விழுவதுண்டு. பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், மதம், சாதி, சைவமா அசைவமா, கல்யாணம் ஆகிவிட்டதா, ஆதார் நகல் இரண்டு பக்கமும், ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட். பத்துப் பேர் நிரப்பி அனுப்புகிறார்கள். ஒருவருக்கு வீடு கிடைக்கிறது. மற்ற ஒன்பது பேருடைய ஆதாரும் கணக்கு விவரமும் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் கிடக்கின்றன.

வீட்டை விடுகிறவருக்கு விசாரிக்கும் உரிமை இல்லையா? உண்டு. ஓய்வுபெற்ற எத்தனையோ பேருக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு. ஆகவே படிவம் வேண்டும், நல்ல படிவமாக வேண்டும். அதை அமைக்க ஒரு சோதனை போதும்: ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, ‘இந்தப் பதிலை வைத்து எதை முடிவு செய்யப் போகிறோம்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். விண்ணப்பிக்கிறவரின் முகத்துக்கு நேரே அந்த வரியை வாசிக்க முடிந்தால் கேள்வி நிற்கட்டும். முடியாவிட்டால் அடித்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு, மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 18,000 ரூபாய். ஒரு காருக்கு இடம். கோடையில் லாரித் தண்ணீர். ‘எத்தனை பேர் குடியிருப்பீர்கள்?’ இது வேண்டும், ஏனென்றால் தண்ணீர்ச் செலவைத் தலைக்கணக்கில் பிரிக்க வேண்டும். ‘என்ன வண்டி, எத்தனை?’ வேண்டும், இருப்பது ஒரே இடம். ‘எப்போது குடிவருவீர்கள்?’ வேண்டும், வெள்ளையடிக்க நாள் பார்க்க வேண்டும். ‘மாத வருமானம் எந்த அளவில்?’ இதுவும் வேண்டும், வாடகை கட்ட முடியுமா என்று தெரிய வேண்டும். 30,000-க்குக் கீழ், 30,000 முதல் 50,000 வரை, அதற்கு மேல் என்று மூன்று கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொன்னால் போதும்.

இப்போது அதே சோதனையை ‘சாதி’ என்ற வரிக்கு வைத்துப் பாருங்கள். எதிரே என்ன எழுதுவீர்கள்? தண்ணீர்க் கணக்கா? கார் நிறுத்துமிடமா? எழுத முடிகிற ஒரே காரணம், எழுதக் கூசுகிற காரணம். தீண்டாமையின் பேரில் ஒருவர் ஓர் இடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அந்தக் கேள்வியை அச்சடித்து வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கம், தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே அச்சடித்து வைத்திருக்கிறது.

‘நாங்கள் சாதி கேட்பதில்லையே’ என்று சிலர் சொல்லலாம். சொந்த ஊர் கேட்கிறீர்கள், தகப்பனார் பெயர் கேட்கிறீர்கள், குலதெய்வம் எது என்று பேச்சுவாக்கில் கேட்கிறீர்கள். ‘சைவமா அசைவமா’ என்று கேட்கிறீர்கள். அது சாதியையும் மதத்தையும் கொல்லைப்புற வழியாகக் கேட்பதுதான். குப்பை நாறுகிறது, சாக்கடை அடைக்கிறது என்பது உண்மையான கவலையானால், குப்பையை எப்போது எப்படிக் கீழே இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த விதி எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

மதத்தைக் காட்டித் தனியார் வீட்டை வாடகைக்கு மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு இல்லை என்பதற்கும் அப்படித்தான். சட்டம் வாய்மூடி இருக்கும் இடத்தில்தான் சங்கத்தின் படிவத்துக்குப் பொறுப்பு கூடுகிறது.

அடுத்து, பாங்க் ஸ்டேட்மென்ட். உரிமையாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஐந்தாம் தேதிக்குள் வாடகை வருமா? ஸ்டேட்மென்ட் என்ன சொல்கிறது? எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்குப் பணம் கொடுத்தார், எந்தக் கட்சிக்கு நன்கொடை தந்தார், ஊரில் யாருக்கு மாதாமாதம் அனுப்புகிறார் என்று குடும்பத்தையே திறந்து காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2025 மே முதல் தேதி, வாடகை விண்ணப்பத்துக்கு அரசே ஒரே படிவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செலவு விவரம் தெரியும் கணக்கு அறிக்கையைக் கேட்கக் கூடாது, முன்பு வீட்டுக்காரரோடு வழக்கு நடந்ததா என்று கேட்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது.

இங்கே ஸ்டேட்மென்ட்டைவிட நல்ல சான்று கைவசமே இருக்கிறது. சம்பளக்காரர்கள் பலர் வருமான வரியில் வீட்டு வாடகைப்படி கழிவு பெறுவதற்காக வாடகை ரசீது வாங்கி வைக்கிறார்கள். கடந்த ஒரு வருட ரசீதைப் பார்த்தால் வாடகை ஒழுங்காகப் போனதா என்று தெரிந்துவிடும். ரசீது இல்லாதவர், வாடகை அனுப்பிய வரிகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துத் தரலாம். கையில் சம்பளம் வாங்குகிறவருக்கும் சிறு வியாபாரிக்கும் பழைய வீட்டுக்காரரின் ஒரு சொல் போதும். ஆனால் இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை, விண்ணப்பித்தவரைக் கேட்காமல் கூப்பிடாதீர்கள். காலி செய்யப் போகும் செய்தி உங்கள் வாயிலாக அவருக்குப் போகக் கூடாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் வாங்கினால், 18,000 ரூபாய் வீட்டுக்கு 1,80,000 ரூபாய் உரிமையாளர் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகையைத்தான், அதாவது 54,000 ரூபாயைத்தான் எல்லையாகச் சொல்கிறது. 1,80,000 ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஆறு மாதக் கணக்கையும் கேட்பது எச்சரிக்கை அல்ல, அதிகாரம்.

ஆதாருக்கு வருவோம். குடிவருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதில் மறுப்பில்லை. எப்போது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கேள்வி. வீடு பார்க்க வருகிறவரிடம் பெயரும் போன் நம்பரும் போதும். வீடு பிடித்து விண்ணப்பிக்கிறவரிடம் ஆள் எண்ணிக்கை, வண்டி, வருமான அளவு. இவருக்குத்தான் வீடு என்று முடிவான பிறகு, அந்த ஒருவரிடம் மட்டும் அடையாளச் சான்று. ஜெர்மனியில் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருக்கும் வழிமுறையும் இப்படி மூன்று படிகளாகத்தான் பிரிந்திருக்கிறது. காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதானாலும், குடிவருகிறவரின் விவரம்தானே தேவை, மற்ற ஒன்பது பேரின் விவரம் எதற்கு?

அந்த ஒருவரிடமும் 12 இலக்கமும் வேண்டியதில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், கோப்பில் அந்த நான்கு இலக்க நகல் இருக்கட்டும். வீடு கிடைக்காதவர்களின் படிவங்கள் என்ன ஆகும், எந்தத் தேதிக்குள் அழிக்கப்படும் என்பதையும் படிவத்தின் அடியிலேயே அச்சடியுங்கள்.

படிவம் ஒருவழிப் பாதையாகவும் இருக்கக் கூடாது. மேல்பாதியில் உரிமையாளர் நிரப்பட்டும்: வாடகை, அட்வான்ஸ், பராமரிப்புக் கட்டணம், தனி ஈ.பி. மீட்டர் உண்டா, இல்லையென்றால் யூனிட் என்ன விலை, தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள். அட்வான்ஸைத் திருப்பி வாங்கும் நாளில் வருகிற சண்டைகள் பெரும்பாலும் இந்த வரிகள் எழுதப்படாததால் வருபவை.

சங்கப் பொறுப்பாளர்களே, உங்கள் படிவத்தை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள். சாதி, மதம், சொந்த ஊர், உணவு, திருமண நிலை ஆகிய ஐந்து வரிகளையும் அங்கேயே அடியுங்கள். பாங்க் ஸ்டேட்மென்ட்டுக்குப் பதில் வாடகை ரசீது என்று திருத்துங்கள். ஆதாரைக் கடைசிப் படிக்குத் தள்ளுங்கள். திருத்திய படிவத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி, வாசல் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.