மலையின் நிழலும் மரத்தின் நிழலும்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வழியெல்லாம் ஒரே காடுதான். ஆனால் ஒரு வளைவில் வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது, அடுத்த வளைவில் இருண்டு கிடந்தது. என் உரை அந்த இருட்டைப் பற்றியது.

களத் தரவு கையில் இல்லாதபோது ஒரு மலைக்கு விரைவாக நிலப்போர்வை வரைபடம் வேண்டுமென்றால், நம்மில் பலர் முதலில் எடுப்பது கே-மீன்ஸ் முறையைத்தான். சென்டினல்-2 படத்தில் நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பட்டைகளும் 10 மீட்டர் பிக்சலில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பிக்சலும் நான்கு எண்கள், அவ்வளவுதான். எத்தனை கொத்துகள் வேண்டும் என்று மட்டும் நாம் சொல்கிறோம். ஒவ்வொரு பிக்சலும் தனக்கு மிக அருகிலுள்ள மையத்தோடு சேர்கிறது. சேர்ந்தவற்றின் சராசரி புதிய மையமாகிறது. மையங்கள் நகராமல் நிற்கும்வரை இது தொடர்கிறது. காடு, பாறை, ஏரி என்ற பெயர்கள் அதற்குத் தெரியாது. பெயர் வைப்பவர்கள் நாம்.

சேர்வராயன் மலைக்கு நான் முதலில் இப்படிச் செய்த வரைபடம் ஒரு ஜனவரி மாதப் படத்திலிருந்து வந்தது. ஆறு கொத்துகள் கேட்டிருந்தேன். வடமேற்குச் சரிவுகள் நெடுக ஒரு கொத்து படர்ந்திருந்தது. அடிவாரத்துப் புதர்க்காட்டுக்கும் அதே நிறம். அந்தச் சரிவுகளில் காடு அழிந்து புதராகிவிட்டது என்று எழுதிவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தபோது மரங்கள் அடர்ந்து நின்றன.

நடந்தது இதுதான். ஜனவரியில், செயற்கைக்கோள் கடக்கும் காலை பத்தரை மணி வாக்கில், சூரியன் தென்கிழக்கே ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் நிற்கிறது. 25 பாகைச் சாய்வுள்ள இரண்டு சரிவுகளை எடுத்துக்கொள்வோம். சூரியனைப் பார்த்த சரிவுக்குக் கிடைக்கும் நேரடி வெயிலில் பாதிக்கும் குறைவாகவே எதிர்ச்சரிவுக்குக் கிடைக்கும். கணக்குக்காகச் சொல்கிறேன்: வெயில் பட்ட காட்டின் சிவப்பு எதிரொளிப்பு 0.04, அகச்சிவப்பு 0.36 என்றால், அதே காடு நிழற்சரிவில் 0.018, 0.16 என்று தெரியும். புதர்க்காடு 0.09, 0.22 என்று வைப்போம். நிழலில் உள்ள காட்டிலிருந்து வெயில் பட்ட காட்டுக்குத் தொலைவு 0.20, புதருக்கோ 0.09தான். கே-மீன்ஸ் அதைப் புதரோடு சேர்த்ததில் கணக்குப் பிழை ஏதுமில்லை. அகச்சிவப்பின் ஏற்றத்தாழ்வு பெரிது என்பதால் தொலைவை அதுவே தீர்மானித்துவிடுகிறது.

இரு பட்டைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெளிச்சம் அடிபட்டுப் போகும். வெயில் பட்ட காடு 0.80, நிழலில் உள்ள காடும் 0.80, புதர் 0.42. இத்தகைய விகிதங்களைக் கொத்தாக்கத்துக்குக் கொடுத்தால் சரிவின் இரு பக்கமும் ஒன்றுசேரும். ஆனால் விகிதம் பிரகாசத்தை மறைத்துவிடுவதால், பாறையும் கட்டடமும் ஒன்றாகிவிடக்கூடும். ஆகவே நான் இருபது கொத்துகள் வரை கேட்டு, ஒவ்வொன்றையும் பார்த்துப் பிறகு இணைக்கிறேன். கொத்தின் எல்லை மலைமுகட்டுக் கோட்டைப் பிசகாமல் பின்தொடர்ந்தால் முதலில் நிழலைச் சந்தேகியுங்கள். சூரியன் உச்சிக்கு வரும் ஏப்ரல் படத்திலும் அந்த எல்லை அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். அடிவாரத்தில் இலையுதிர் மரங்கள் இருப்பதால், இந்தச் சோதனையை மேல்சரிவுகளில் செய்வதே நல்லது.

இன்னொரு நிழலுக்கு இந்த வகுத்தல் உதவாது. ஏற்காட்டில் காப்பிச் செடிகள் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வளர்கின்றன. அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரிவது மர உச்சி மட்டும். காப்பி பூத்து வெள்ளையாக நிற்கும் நாட்களில்கூட அந்த வெண்மையின் பெரும்பகுதி இலைகளுக்குக் கீழேதான் இருக்கிறது. தோட்டத்தையும் சோலையையும் பிரிக்கும் செய்தி அந்த நான்கு எண்களில் மிகக் குறைவு. கொத்துகளை இருபதிலிருந்து ஐம்பதாக்கினாலும் அந்தச் செய்தி பிறக்காது. நிழல் மரங்களைக் கவாத்து செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் பிரியும், கவாத்து நடந்த தோட்டங்களில் மட்டும்.

இது எனக்கு உள்ளபடியே கவலை தரும் விஷயம். அந்தக் கொத்துக்கு ‘காடு’ என்று பெயர் வைத்தால், காப்பித் தோட்டமெல்லாம் வனப்பரப்புக் கணக்கில் ஏறும். ஒரு சோலையை வெட்டிச் சில்வர் ஓக் நட்டாலும், சில ஆண்டுகளில் வரைபடம் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லும். இந்த மாநாட்டில் வரைபடம் படைக்கும் இளையவர்களிடம் என் வேண்டுகோள்: அதற்கு ‘அடர்ந்த மரக்கவிகை’ என்று பெயர் எழுதுங்கள். பிறகு அந்தக் கொத்துக்குள் முப்பது புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, கையில் ஜிபிஎஸ்ஸோடு போய், மரத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். காப்பி எத்தனை, சோலை எத்தனை என்ற கணக்கை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள்.