அழகுக்கலைப் பயிற்சி: உதவித்தொகையும் ஒப்பந்தக் காலமும்

அழகு நிலையம் நடத்தும் உங்களில் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஆறு மாசம் உக்கார வச்சு கத்துக் குடுத்தேன், ஏழாவது மாசம் எதிர் பார்லர்ல போய் நிக்குறா." நியாயமான வருத்தம்தான். ஆனால் அதற்காகப் பெண்ணின் பிளஸ் டூ சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும், ஐம்பதாயிரம் என்று பாண்டு எழுதி வாங்குவதும் சரியான வழியல்ல. வேறு எப்படி எழுதலாம்?

நான்கு நாற்காலி உள்ள ஒரு நிலையம், ஆறு மாதப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை முதல் இரண்டு மாதம் 10,000 ரூபாய், அடுத்த இரண்டு மாதம் 11,000, கடைசி இரண்டு மாதம் 12,000. கல்வித் தகுதிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் ஒரு தேர்வு. முதல் தேர்வு திரெட்டிங். தன் காலில் பழகிய பிறகு, ஐந்து பேருக்குத் தோல் கீறாமல், இரண்டு புருவமும் ஒரே அளவில் வர வேண்டும். அடுத்தது வேக்ஸிங், ஃபேஷியல். வேக்ஸைத் தன் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்க்கிறாளா என்பதை அவசியம் கவனியுங்கள். கடைசியில் ஹேர் கலர். சாயத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் தடவி அலர்ஜி இருக்கிறதா எனச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். திரெட்டிங்கில் கை ஓடத் தொடங்கியதும், கூட்டத்தைச் சமாளிக்க அவளை அதிலேயே நிறுத்திவிடுகிறோம். நான்கு மாதமாகியும் ஃபேஷியல் பக்கமே விடவில்லை என்றால் அது பயிற்சி இல்லீங்க, குறைந்த கூலி வேலை. ஆகவே தேர்வுத் தேதியையும் எழுதுங்கள். உங்களால் தேர்வு தள்ளிப்போனாலும் தொகை உயர வேண்டும்.

இனி ஒப்பந்தக் காலம். வெளி வகுப்புக்கு 6,000, பழகுவதற்கான பொருட்களுக்கு 6,000 என அவளுக்காக 12,000 ரூபாய் செலவழித்தீர்கள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் வேலை செய்ய வேண்டும் என்று எழுதினால், மாதம் 2,000 ரூபாய் கழிந்துகொண்டே வரும். நான்காவது மாதம் முடிந்து போனால் 4,000 தந்தால் போதும். உதவித்தொகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது அவள் வேலை செய்து வாங்கியது. மூன்று தேர்வில் ஒன்றை நீங்கள் நடத்தாவிட்டாலும் இந்தப் பிடிமானம் கிடையாது என்றும் எழுதுங்கள்.

1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் 22-வது பிரிவும் இதே நியாயத்தைத்தான் சொல்கிறது. பயிற்சிக்குப் பின் எங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டப்படியான ஒப்பந்தத்தில் நிபந்தனை வைத்தால், தகுந்த வேலை தர நீங்களும் கட்டுப்பட்டவர். காலமோ சம்பளமோ நியாயமாக இல்லையென்றால் தொழிற்பழகுநர் ஆலோசகர் அதை மாற்றியமைக்கலாம். அதனால் பயிற்சிக்குப் பிந்தைய சம்பளத்தையும் முதல் நாளே எழுதி, ஒரு நகலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.