பரீட்சகரின் ஐயமும் பின்னிணைப்புப் பக்கமும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் எழுத்துருவம்)



பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர் தம் ஆய்வைத் திரையிலே காட்டிப் பேசுவர். பேச்சு முடிந்ததும் பரீட்சகர் வினாத் தொடுப்பர். அந்த வேளைக்கென்று "நன்றி" என்னும் ஸ்லைட்டுக்குப் பின்னால் சில ஸ்லைட்டுகளை ஒளித்து வைத்திருப்பது வழக்கம். அவற்றையே பின்னிணைப்பு என்கிறோம். பேச்சில் இடம் கிடைக்காதவற்றைக் கொட்டி வைக்கும் மூலையாகப் பலர் அதனைக் கருதுகின்றனர். அது அவ்வாறன்று; பரீட்சகருக்கு எழக்கூடிய ஐயங்களிலிருந்தே அதனைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே நாம் இன்று கூற விரும்புவது.

நமது ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து மாணவர் இருவர், பரந்தனுக்கும் ஆனையிறவுக் கடல்நீரேரிக்கும் இடையே இருபது கிணறுகளின் உவர்த்தன்மையை ஆகஸ்ட் மாதத்தில் அளந்தனர் என்க. நீரில் உப்புக் கூடினால் அது மின்னைக் கடத்தும் ஆற்றலும் கூடும். ஆகவே மின்கடத்துமானியால் அளப்பர். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, 3000 மைக்ரோசீமென்ஸைத் தாண்டிய நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்துவதிற் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். ஒரு கிணற்றில் மானி 3100 காட்டியது. நீரின் வெப்பநிலை 29 பாகை. மாணவரோ அந்தக் கிணற்றை 2870 என்று எழுதி, எல்லைக்குள் அடக்கிவிட்டனர்.

இங்கே பரீட்சகருக்கு என்ன ஐயம் எழும்? "3100 எவ்வாறு 2870 ஆயிற்று?" என்பதே. வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் கடத்துமை ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். அளவுகளை 25 பாகைக்கு மாற்றியே ஒப்பிடுவர். நான்கு பாகைக்கு 8 சதவீதம், 3100ஐ 1.08ஆல் வகுத்தால் 2870 வரும். இது சரியே. ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. இக்காலத்து மானிகள் பல இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடுகின்றன. அப்படியானால் 3100 என்பதே திருத்திய எண். மாணவர் இரண்டாம் முறை திருத்தி, உவர்க் கிணற்றை நல்ல கிணறாக்கிவிட்டனர். அந்த நீரை நம்பி மிளகாய் நட்ட கமக்காரரின் கதி என்னாகும்?

இதற்கு விடை வாய்ச்சொல்லால் அமையாது. 25 பாகையில் 1413 காட்டும் பொட்டாசியங் குளோரைட்டு நியமக் கரைசலை எடுத்து, 25 பாகையிலும் 35 பாகையிலும் அளக்க வேண்டும். இரு முறையும் 1413ஐ ஒட்டியே வந்தால் மானி தானே திருத்துகிறது. சூடான கரைசலில் 1700ஐ அண்மி ஏறினால் அது திருத்தவில்லை. இந்த இரண்டு எண்களும், ஒரு கிணற்றின் கணக்கும் கொண்ட ஸ்லைட்டே முதலாவது பின்னிணைப்பு. அதன் தலைப்பு "வெப்பநிலை" என்றிருத்தல் போதாது. "மானி தானே திருத்தவில்லை, நாம் ஒருமுறையே திருத்தினோம்" என விடையே தலைப்பாக இருக்கட்டும். "25 பாகைக்குத் திருத்தியது" என்ற குறிப்போ பேச்சின் நடுவிலுள்ள அட்டவணையிலேயே இருக்க வேண்டும். முடிவையே மாற்றக்கூடிய செய்தியைப் பின்னால் ஒளித்தல் முறையன்று.

இனி, "மாரியில் அளந்தீர்களா?" என்று ஒருவர் கேட்பார். வடகீழ்ப் பருவமழை பெய்த பின் கிணற்றின் உவர் மாறக்கூடும். ஐந்து கிணறுகளையேனும் ஜனவரியில் மீண்டும் அளந்திருந்தால், இரு பருவத்து எண்களையும் அருகருகே வைத்து இரண்டாவது பின்னிணைப்பை ஆக்கலாம். அளக்கவில்லையாயின் ஸ்லைட் வேண்டியதில்லை. "இம்முடிவு கோடைக்கே உரியது" என்று முடிவுரையிலேயே கூறிவிடுவதே நேர்மை. "ஏன் இருபது கிணறு?" என்பது போல ஒரு வாக்கியத்தில் விடையிறுக்கக்கூடிய வினாவுக்கும் ஸ்லைட் வேண்டாம். எண்ணோ படமோ கணக்கோ காட்டினாலன்றித் தீராத ஐயத்துக்கே அது உரியது.

இவ்வையங்களை எங்கே தேடுவது? நமது பேச்சில் ஓர் எண் இன்னோர் எண்ணாக மாறும் இடத்திலும், சில கிணறுகளைக் கண்டு ஊர் முழுவதையும் பற்றிக் கூறும் இடத்திலும் தேட வேண்டும். வேறு துறை மாணவர் ஒருவரை முன்னால் இருத்திப் பேசிக்காட்டி, அவர் முகஞ் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வதும் நன்று.

கடைசியாக ஒரு சிறு செய்தி. ஸ்லைட் தேடி முன்னும் பின்னும் ஓடினால் வினா ஆறிப்போய்விடும். ஒவ்வொரு ஸ்லைட்டிலும் எண் இட்டு, பின்னிணைப்பின் எண்களை ஒரு துண்டுத்தாளில் எழிதி வைத்துக்கொள்க. பவர்பொயின்ட் திரையில் ஓடும்போது அந்த எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால், மறைத்து வைத்த ஸ்லைட்டாயினும் உடனே தோன்றும். விடை கூறியதும் அதே முறையில் முடிவுரைக்குத் திரும்பலாம்.